காலி மனையை நேரில் பார்க்கப் போகிறீர்களா? மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள்

மனை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டே திரும்பிவிடுகிறார்கள். "அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல் வரைக்கும்" என்று புரோக்கர் கை நீட்டுவார், தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். 30 மீட்டர் டேப், கூடமாட ஒரு ஆள், பத்திர நகல், மனைப்பிரிவு வரைபடம், ஒரு கடப்பாரை, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் 30 மீட்டர். இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

1. இதுதான் அந்த மனையா?

நல்ல மனையைக் காட்டிவிட்டு வேறொன்றை எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. அதனால் அவர்கள் காட்டும் இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வரைபடத்தில் உள்ள தெருமுனைக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மனையாக எண்ணிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் தெருமுனையிலிருந்து டேப்பும் பிடித்துப் பாருங்கள். வரைபடத்தின்படி 120 அடியில் தொடங்க வேண்டிய மனை 114 அடியிலேயே தொடங்கினால், நடுவில் யாரோ நகர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லைக்கல்லின் அடியையும் குனிந்து பாருங்கள். சுற்றிலும் புல் இறுகியிருக்க, கல்லடியில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தால் அந்தக் கல் சமீபத்தில் நட்டது.

2. நாலு பக்கம் போதாது, மூலைவிட்டமும் வேண்டும்

இந்த வேலையைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் 30 அடிக்கு 50 அடி, 1500 சதுர அடி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அளக்கிறீர்கள், முன்னும் பின்னும் 30, இரண்டு பக்கமும் 50. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று டேப்பைச் சுருட்டிவிடாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளங்கள். மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டும் 58 அடி 4 அங்குலம் அளவில் வரும்.

ஒன்று 55 அடியும் இன்னொன்று 61 அடி 5 அங்குலமும் வந்தால்? மனை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1488 சதுர அடி. 12 சதுர அடிதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் பின்பக்கம் முன்பக்கத்துக்கு நேராக இல்லாமல் ஆறேகால் அடி தள்ளிப் போயிருக்கிறது. ரோட்டைப் பார்த்து, முன்னிருந்து பின் வரை நேராக ஒரு கட்டடம் எழுப்ப நினைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் அகலம் 30 அடி இல்லை, 24 அடிக்கும் கொஞ்சம் குறைவு. சுற்றி விட வேண்டிய காலியிடமும் இதிலிருந்துதான் போக வேண்டும். அறைகள் கோணலாகும், அல்லது ஓரங்களில் முக்கோணத் துண்டுகள் வீணாகும். விலை பேசும் முன் இது தெரிந்தாக வேண்டும்.

அளக்கும்போது டேப்பை இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் அளவு கூடிக் காட்டும். தரை சரிவாக இருந்தால் சரிவோடு ஒட்டி அளக்காமல், டேப்பைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துத் துண்டு துண்டாக அளங்கள். நடுவில் புதர் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். "அப்புறம் வெட்டித் தருகிறோம்" என்றால், அளவும் அப்புறம்தான், அட்வான்ஸும் அப்புறம்தான்.

3. ரோட்டை விட எவ்வளவு பள்ளம்?

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை ரோட்டின் நடுவிலும் மறு முனையை மனையின் தாழ்ந்த இடத்திலும் நிறுத்திப் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் அளங்கள். ரோட்டில் 2 அடி, மனையில் 4 அடி என்றால் அந்த இடம் 2 அடி பள்ளம். 1500 சதுர அடி மனை முழுக்க இதே அளவு பள்ளமாக இருந்தால், ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவர மட்டும் 3000 கன அடி மண் வேண்டும். ரோட்டை விட ஒரு அடி உயர்த்தினால் 4500. கொட்டிய மண் அமுங்கும் என்பதால் இதைவிடக் கூடுதலாகவே வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் மனை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

4. கடப்பாரையால் குத்திப் பாருங்கள்

விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று இடத்தில் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை, ஓட்டுச் சில்லு வந்தால் அது கொட்டி மேடாக்கிய இடம். வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அஸ்திவாரம் இயல்பான மண் வரை இறங்க வேண்டியிருக்கும், அந்த ஆழத்தை மண் பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். கோரைப்புல் அடர்ந்திருந்தாலும், பக்கத்து மதிலின் அடியில் உப்புப் பூத்து ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடினாலும், அங்கே தண்ணீர் நிற்கிறது.

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். "இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்றுதான் வரும். "போன மழையில் தண்ணீர் எந்த இடம் வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள், கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.