புதினா தட்டை தேங்கிய பிறகு ஓட்டெடுப்பு கேட்கும் முறையை மாற்றினேன்

போன தீபாவளிக்கு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் "பூண்டு தட்டையா, புதினா தட்டையா?" என்று ஓட்டெடுப்பு வைத்தேன். புதினாதான் ஜெயித்தது. நம்பி எட்டு கிலோ சுட்டேன். மூன்று கிலோகூடப் போகவில்லை.

ஸ்டோரியை மேலே தள்ளினால் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியும். அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும். பிறகு பார்த்தபோதுதான் புரிந்தது: புதினா கேட்டவர்களில் பாதிக்கு மேல் என்னிடம் ஒருமுறைகூட வாங்காதவர்கள். பழைய வாடிக்கையாளர்கள் பூண்டுப் பக்கம் இருந்தார்கள்.

இந்தப் பொங்கலுக்கு முதலில் கேள்வி ஸ்டிக்கர் வைத்தேன். "எந்தச் சுவை பிடிக்கும்?" என்று கேட்கவில்லை, "சாயங்கால டீக்கு வீட்டில் எது முதலில் தீரும்?" என்று கேட்டேன். கறிவேப்பிலை, மிளகு என்று திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பதில்களையே ஸ்டோரியில் பகிர்ந்தேன். எழுதியவர்கள் அடுத்து என்ன என்று காத்திருந்தார்கள்.

மறுநாள் ஓட்டெடுப்பு. இந்த முறை விலையோடு: "கறிவேப்பிலை மிளகுத் தட்டை, கால் கிலோ 120 ரூபாய். வாங்குவேன் / இப்போது வேண்டாம்." விலை தெரிந்ததும் ஓட்டுகள் குறைந்தன. குறையட்டும், மிஞ்சியவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். அப்புறம் அரைக் கிலோ மட்டும் சுட்டு, தட்டையை ஒடிக்கும் சத்தத்தை மைக் அருகில் பதிவு செய்து போட்டேன்.

"வாங்குவேன்" என்றவர்கள் 31 பேர். முன்பதிவு திறந்ததும் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பினேன்; 19 பேர் முன்பணம் கட்டினார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கான மாவை அரைக்கக் கொடுத்தேன்.