உரலில் இடித்த காப்பியில் டிகாஷன் இறங்காமல் போனால்

ராயபுரத்தில் கரண்ட் போன காலைகளில் காப்பிக்கொட்டையை இரும்பு உரலில்தான் இடிக்கிறேன். முதலில் டிகாஷன் இறங்கவே இல்லை; இறங்கிய கொஞ்சமும் ஒரே கசப்பு, ஆனால் சப்பென்று இருந்தது. காரணம், உரலில் மாவும் குருணையும் சேர்ந்தே வரும். மாவு பில்டரின் துளையை அடைத்துக் கசப்பைக் கூட்டும். குருணையின் உள்ளே சாறு அப்படியே தங்கிவிடும்.

சரிசெய்தது இப்படி: 20 கிராம் கொட்டையை இரண்டு பங்காகப் பிரித்து, உலக்கையை நேராகத் தூக்கிப் போட்டு இடித்தேன். தேய்த்தால் மாவுதான் கூடும். நாலைந்து இடிக்கு ஒருமுறை டீ வடிகட்டியில் சலித்து, மேலே நின்ற குருணையை மட்டும் மறுபடி இடித்தேன். சிக்கரித்தூளை, போடுவதானால், கடைசியில் கலக்க வேண்டும். பில்டரில் தூளை அழுத்தவும் கூடாது.

கைமில்லில் வேறு சிக்கல். பழைய மில்லில் நடுத்தண்டு ஆடினால் பற்களின் இடைவெளி ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறையும். பிடியை ஆட்டிப் பார்த்தாலே தெரியும். பற்களுக்கு இடையில் கொட்டையை நசுக்கி அரைக்கும் புது பர் கிரைண்டரில் தூள் ஏறக்குறைய ஒரே அளவு, சலிக்கும் வேலையில்லை. சலித்த உரல்தூள் அதற்குக் கிட்டே வரும், சமமாகாது.