சோலார் போட்டாச்சு, கணித்த பணம் வந்ததா? பின்தணிக்கையில் நடக்கும் தவறுகள்

ஒரு முதலீட்டுக்கு ஒப்புதல் கேட்டு எக்செல் தாளை எடுத்துப் போனால் ஒவ்வொரு எண்ணையும் கிண்டிக் கேள்வி கேட்பார்கள். மூன்று வருடம் கழித்து அதே தாளைக் கேட்டால் பாதி கம்பெனிகளில் அது யாரிடமும் இருக்காது. கணித்த பணம் வந்ததா என்று திரும்பிப் பார்ப்பதைத்தான் திட்டம் முடிந்த பின் செய்யும் தணிக்கை, சுருக்கமாகப் பின்தணிக்கை என்கிறார்கள். அதைச் செய்யும் சில இடங்களிலும் தப்பான எண்ணோடு ஒப்பிட்டுத் தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கை வைத்து அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. கூரையில் 1 மெகாவாட் சோலார் போட முடிவெடுத்தது. செலவு 4 கோடி. வருடத்துக்கு 15 லட்சம் யூனிட் கிடைக்கும், யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சமாகும் என்று கணித்தார்கள். ஆக 105 லட்சம். கழுவுதல், பராமரிப்புக்கு 8 லட்சம் போனால் கையில் நிற்பது வருடம் 97 லட்சம். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து எழுதுவதைத் தள்ளுபடி செய்வது என்பார்கள். 15 வருடத்துக்கு 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்ய, அதை 6.811-ஆல் பெருக்க வேண்டும். 661 லட்சம் வருகிறது. முதலீட்டைக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்.பி.வி., சுமார் 261 லட்சம். வருமான வரியையும், பேனலின் திறன் வருடாவருடம் கொஞ்சம் குறைவதையும் கணக்கு எளிதாக வருவதற்காக விட்டிருக்கிறேன். எண்களும் முழுமையாக்கியவைதான். நிஜத் தாளில் எதையும் விடக்கூடாது.

இயங்கத் தொடங்கி மூன்று வருடம் ஆனதும் தணிக்கை. முதலில் நடப்பது என்ன தெரியுமா? கணக்குப் பிரிவு பழைய இ.பி. பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். பில் குறையவில்லை, ஏறியிருக்கிறது. "சோலார் போட்டும் பயனில்லையே" என்று மீட்டிங்கில் ஒரு குரல் வரும். இடையில் ஆலை புதிதாக ஸ்பின்னிங் ஃபிரேம்கள் சேர்த்திருக்கிறது, மின்கட்டணமும் ஏறியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் சோலாருக்கும் சம்பந்தமே இல்லை. என்.பி.வி. கணக்குக்கு அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தேவையில்லை. இதே வருடத்தில் சோலார் இருக்கும் ஆலைக்கும் சோலார் இல்லாத ஆலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வேண்டும். அந்த இரண்டாவது ஆலையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சோலார் மீட்டரில் ஓடிய யூனிட், அதில் ஆலைக்குள் செலவானது, அந்த யூனிட்டை வாரியத்திடம் வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருப்போம் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

அடுத்த குழப்பம் லாப நஷ்டக் கணக்கிலிருந்து எண் எடுப்பது. சோலாருக்கு வாங்கிய கடனின் வட்டி, தேய்மானம், தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டு, திட்டம் நஷ்டம் என்பார்கள். வட்டியின் கனம் 12 சதவீதத்திலேயே இருக்கிறது, மறுபடி கழித்தால் இரட்டைச் செலவு. தேய்மானம் என்பது ஏற்கெனவே கழித்த 4 கோடிதான், வேறு பெயரில் வருகிறது. தலைமை அலுவலகச் செலவு சோலார் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். கணிப்பில் எந்த வரிகள் இருந்தனவோ அதே வரிகளில்தான் நிஜத்தையும் எழுத வேண்டும். அதே போல இன்றைக்கு வங்கி வட்டி மாறிவிட்டது என்று தள்ளுபடி விகிதத்தை மாற்றிவிட்டு ஒப்பிடாதீர்கள். பணம் குறைந்ததால் வந்த வித்தியாசமா, விகிதம் மாறியதால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது.

சரி, ஆலையின் நிஜ எண்கள் இவை. முதலீடு 430 லட்சம் ஆகியிருக்கிறது, கூரையைப் பலப்படுத்திய செலவு விட்டுப்போயிருந்தது. மூன்று வருடச் சராசரியில் உற்பத்தி 14 லட்சம் யூனிட். அதில் 13 லட்சம் ஆலைக்குள் செலவானது, யூனிட்டுக்கு நிகரமாக 6 ரூபாய் மிச்சம். மீதி 1 லட்சம் யூனிட் ஆலை ஓடாத நாட்களில் கிரிட்டுக்குப் போய் 2 ரூபாய் வீதம் வந்தது. மொத்தம் 80 லட்சம். பராமரிப்பு 9 லட்சம் போக 71 லட்சம். மீதமுள்ள 12 வருடமும் இப்படியே போகும் என்று வைத்தால் என்.பி.வி. சுமார் 54 லட்சம்.

261 எதிர்பார்த்து 54. இங்கேதான் பெரும்பாலான தணிக்கை அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. "திட்டம் இன்னும் லாபகரமானதே, எனினும் எதிர்பார்த்த அளவு இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அந்த வரியை வைத்து அடுத்த திட்டத்தில் யாராலும் எதையும் மாற்ற முடியாது. 207 லட்சம் எங்கே போனது என்று பிரித்தால்தான் வேலை தொடங்குகிறது.

முதலீட்டில் 30 லட்சம் கூடியது. பராமரிப்பில் வருடம் 1 லட்சம் கூடியது 15 வருடத்தில் சுமார் 7 லட்சம் ஆகிறது. உற்பத்தி 1 லட்சம் யூனிட் குறைந்ததற்கு வருடம் 7 லட்சம், இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 48. கிரிட்டுக்குப் போன யூனிட்டில் 7 ரூபாய்க்குப் பதில் 2 ரூபாய் வந்ததற்கு வருடம் 5 லட்சம், இன்றைய மதிப்பில் 34. மீதி 13 லட்சம் யூனிட்டில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்ததற்கு வருடம் 13 லட்சம், இன்றைய மதிப்பில் 88.5. எல்லாம் கூட்டினால் 207-க்கு வந்து நிற்கும். கூட்டல் நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு காரணத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

எல்லோரும் முதலில் சண்டை போடுவது 30 லட்சத்தைப் பற்றித்தான். பில் கையில் இருக்கிறது, யார் கையெழுத்து என்றும் தெரியும். ஆனால் சேதத்தில் பெரிய பங்கு விலை ஊகத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

அந்த 7 ரூபாய் எப்படி வந்தது? யாரோ மாதப் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்திருக்கிறார். உயரழுத்த இணைப்பின் பில்லில் இரண்டு துண்டுகள் உண்டு. யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அதிகபட்சத் தேவைக்குக் கே.வி.ஏ. கணக்கில் ஒரு கட்டணம். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ராத்திரி தேவையும் பகல் தேவையும் ஒன்றுதான், சூரியன் ராத்திரி வராது. அதனால் கே.வி.ஏ. கட்டணத்தில் சோலார் ஒரு பைசா மிச்சம் பிடிப்பதில்லை. அன்றைக்கு யூனிட் கட்டணம் 6.35 ரூபாய். ஆக 65 பைசா தொடக்கத்திலேயே தப்பு, முடிவெடுத்த நாளிலேயே பில்லைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் ஏறியது. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு யூனிட் 6.35-லிருந்து 6.75 ஆனது. கே.வி.ஏ. கட்டணம் 350-லிருந்து 550 ஆனது. பின்னால் வந்த உயர்வுகளையும் சேர்த்தால் இந்த ஆலைக்குச் சராசரியாக 50 பைசா சாதகம். எதிர்ப்பக்கம், முடிவெடுத்த பிறகு கூரைச் சோலாருக்கு வந்து சேர்ந்த நெட்வொர்க் கட்டணம் சுமார் 85 பைசாவைத் தின்றது. 65 போய், 50 வந்து, 85 போய், கடைசியில் 1 ரூபாய் குறைந்தது.

இந்த மூன்றையும் ஒரே கூடையில் போடுவதுதான் தணிக்கையில் நடக்கும் ஆகப் பெரிய தவறு என்பேன். 65 பைசா கணித்தவரின் பிழை. நெட்வொர்க் கட்டணம் அன்றைக்கு யாருக்கும் தெரியாத விஷயம், அதற்காக ஒருவரைக் குறை சொன்னால் அடுத்த முறை அவர் கணிப்பே எழுதித் தர மாட்டார். 50 பைசா அதிர்ஷ்டம். நெட்வொர்க் கட்டணம் மட்டும் வராமல் இருந்திருந்தால் மிச்சம் யூனிட்டுக்கு 6.85 என்று நின்றிருக்கும். கணித்த 7-க்குக் கிட்டத்தட்ட அதுதானே, கணிப்பு சரி என்று டிக் போட்டிருப்பார்கள். கட்டண உயர்வு தன் நிழலில் 65 பைசா பிழையை மறைத்திருக்கும், அது அடுத்த திட்டத்துக்கும் போயிருக்கும். அதனால் நன்றாக முடிந்த திட்டங்களையும் இதே கத்தியால் பிரிக்க வேண்டும். ஊத்திக்கொண்டதை மட்டும் தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கு இது கடைசிவரை தெரியாது.

உற்பத்திக் குறைவுக்குக் காரணம் கூரை. பழைய நூற்பாலைகளில் வெளிச்சத்துக்காக ரம்பப் பல் போல வடக்கு பார்த்த கண்ணாடி வைத்த கூரை இருக்கும். ஒரு பல்லின் நிழல் காலையிலும் மாலையிலும் அடுத்த வரிசைப் பேனல் மேல் விழும். சப்ளையர் தந்த 15 லட்சம் தட்டையான திறந்த வெளிக்கான எண். கிரிட்டுக்குப் போன யூனிட்டோ நூல் வியாபாரத்தின் கதை. மந்தமான மாதங்களில் வாரம் ஒரு நாள் ஆலையை நிறுத்தினார்கள், பொங்கல், தீபாவளி விடுமுறை வேறு. வருடத்துக்கு ஏறத்தாழ 26 நாள் சூரியன் வேலை செய்தது, ஆலை செய்யவில்லை. மந்தம் எப்போது வரும் என்று கணிக்க முடியாது. ஆனால் வருடத்தில் 365 நாளும் ஆலை ஓடும் என்று எழுதியதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. "எங்கள் கணிப்புகள் எப்போதும் கூடுதலாகத்தான் வருகின்றன, இனி எல்லாத் திட்டத்திலும் 20 சதவீதம் வெட்டுவோம், இல்லை 12-க்குப் பதில் 15 சதவீதம் போடுவோம்" என்று ஒரு பொது விதி போட்டுவிடுவார்கள். ஆறே மாதத்தில் எல்லா மேலாளர்களும் 25 சதவீதம் கூட்டி எழுதிக்கொண்டு வருவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பத்துத் திட்டங்களில் நல்ல என்.பி.வி. காட்டியவற்றைத்தான் ஒப்புக்கொள்கிறோம். தற்செயலாகக் கூடுதலாகக் கணிக்கப்பட்டவை அந்தக் கூட்டத்தில் அதிகம் இருக்கும். யாரும் பொய் எழுதாவிட்டாலும் ஒப்புதல் பெற்றவை சராசரியாகக் கொஞ்சம் ஏமாற்றவே செய்யும். ஆகவே மொத்தத் தொகையை வெட்டாமல் எந்த ஊகம் தவறியதோ அதை மட்டும் திருத்துங்கள். பிரித்துப் பார்க்கும் வேலையைத் திட்டத்தை முன்மொழிந்தவரிடமே கொடுக்காதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லட்டும், எழுதுவது வேறொருவராக இருக்கட்டும்.

நம் ஆலை தன் இரண்டாவது ஷெட்டில் 500 கிலோவாட் போட யோசிக்கிறது. பழைய முறையில் கணக்கு இப்படி வந்திருக்கும்: 7.5 லட்சம் யூனிட், கே.வி.ஏ. கட்டணத்தையும் சேர்த்த சராசரி 8.40 ரூபாய், பராமரிப்பு 4 லட்சம், முதலீடு 200 லட்சம். என்.பி.வி. 2 கோடிக்கு மேல். தணிக்கைக்குப் பிறகு 7 லட்சம் யூனிட் என்று வைக்கிறார்கள். அதில் 6.5 லட்சம் ஆலைக்குள், யூனிட் கட்டணம் 7.25-ல் நெட்வொர்க் கட்டணம் 1 ரூபாய் போக 6.25. மீதி அரை லட்சம் யூனிட் 2 ரூபாய்க்கு. பராமரிப்பு 4.5 லட்சம், கூரை வேலையோடு முதலீடு 215 லட்சம். என்.பி.வி. 38 லட்சத்தில் நிற்கிறது. பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் யூனிட்டுக்கு இன்னும் 90 பைசா குறைந்தால் கீழே போய்விடும். அதனால் ஒப்புதல் குறிப்பில் நெட்வொர்க் கட்டணம் இரட்டித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.