ஸ்பிரிண்ட் கோலை டிக்கெட் பட்டியலாக எழுதாதீர்கள்

“சேவ்டு கார்டு ஏபிஐ, செக்அவுட் திரை, கார்டை நீக்கும் வசதி, இன்வாய்ஸ் பிடிஎஃப் முடிப்பது.” இதைப் பல டீம்களில் ஸ்பிரிண்ட் கோல் என்கிறார்கள், ஆனால் இது ஜிராவில் ஏற்கெனவே இருப்பதைக் காற்புள்ளி போட்டுச் சேர்த்ததுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “ஒருமுறை கார்டு சேமித்த வாடிக்கையாளர், அடுத்த முறை கார்டு எண்ணை டைப் செய்யாமலே பணம் கட்டி முடிக்க வேண்டும்.” யாருக்கு, என்ன மாறுகிறது என்பது இதில் இருக்கிறது, எந்த டிக்கெட் என்பது இல்லை. ஸ்பிரிண்ட் நடுவில் பேமென்ட் கேட்வேயின் டெஸ்ட் சர்வர் இரண்டு நாள் படுத்துவிட்டது என்று வையுங்கள். பட்டியல் கோல் என்றால் நான்கும் முக்கியம்தான், அவரவர் தன் டிக்கெட்டை இழுத்துக்கொண்டிருப்பார். இந்தக் கோல் இருந்தால் டெய்லி மீட்டிங்கிலேயே முடிவாகிவிடும்: இன்வாய்ஸை ப்ராடக்ட் ஓனரிடம் சொல்லி வெளியே எடுத்துவிட்டு, அதைச் செய்தவர் செக்அவுட் டெஸ்டிங்குக்கு வருகிறார். கார்டை நீக்கும் வசதி? அது இல்லாமல் வெளியிட முடியாது என்றால் இருக்கட்டும், திரையின் அழகு வேலைகள் காத்திருக்கும்.

பிளானிங் முடியும் முன் ஒரு சோதனை: “இதில் ஒரு டிக்கெட்டைத் தூக்கினாலும் கோல் நிறைவேறுமா?” எதைத் தூக்கினாலும் கோல் உடைகிறது என்றால் அது இன்னும் பட்டியல்தான். வாக்கியத்தில் ‘மற்றும்’ இரண்டு தடவை வந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரு விஷயம், வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால் (சப்போர்ட் டீம்களில் இது சகஜம்) இழுத்துப் பிடித்து ஒரே கோலாக்க வேண்டாம், பாதி டிக்கெட்டுகளையாவது இணைக்கும் ஒரு விளைவை எழுதினால் போதும்.