நண்பரின் ஃபேஸ்புக் கணக்கு ஹேக் ஆனால், அவருக்காக ரிப்போர்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சனிக்கிழமை காலை மெசஞ்சரில் எனக்கு ஒரு செய்தி வந்தது. "ப்ரோ, அவசரமா 5,000 வேணும், சாயங்காலம் திருப்பிப் போட்டுடறேன்." பெயரும் படமும் தென்காசியில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுடையவை. சின்ன வயதிலிருந்து அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், ஒரு நாளும் ப்ரோ என்றதில்லை. கணக்கு வேறு யார் கையிலோ இருக்கிறது என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அக்காவால் உள்ளே நுழைய முடியவில்லை, அவருக்கு இதெல்லாம் பழக்கமும் இல்லை. அதனால் நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் உதவக் கிளம்பினோம். அதில் பாதி உதவி கெடுதலில்தான் முடியப் பார்த்தது.

முதல் தவறு என்னுடையது. செய்தியைப் பார்த்த பதற்றத்தில் என் ஃபோனிலேயே facebook.com/hacked என்ற பக்கத்தைத் திறந்தேன். அது யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பக்கம் என்பது சரி. ஆனால் என் ஃபோனில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தது என் கணக்கு. அதனால் அந்தப் பக்கம் அக்காவைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஹேக் ஆனது என் கணக்குதான் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டது. நானும் பழைய பாஸ்வேர்டை அடித்து, புதியதைப் பாதி அடித்த பிறகுதான் மேலே இருந்த படம் என்னுடையது என்று கவனித்தேன். இப்படிச் செய்துவிட்டு "ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று நிம்மதியாக இருக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் பூட்டியது தங்கள் வீட்டுக் கதவை.

அந்தப் பக்கத்தை உங்கள் கருவியில்தான் திறந்தாக வேண்டும் என்றால், பிரவுசரில் உங்கள் லாகின் எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் திறங்கள். அப்போது யாருடைய கணக்கு என்று மின்னஞ்சல், ஃபோன் எண் அல்லது பெயர் கேட்கும். அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கணக்கைக் கண்டுபிடித்ததும், குறியீட்டை எங்கே அனுப்பலாம் என்று முகவரிகளைப் பாதி மறைத்துக் காட்டும். முதல் எழுத்து, நடுவில் நட்சத்திரக் குறிகள், கடைசியில் எந்த நிறுவனத்தின் மெயில் என்பது மட்டும் தெரியும். அக்காவுக்கு ஜிமெயில்தான். அங்கே அவருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மெயில் நின்றது. ஹேக் செய்தவன் முகவரியை மாற்றிவிட்டான் என்பதற்கு அதுவே சாட்சி. அதைப் பார்த்த பிறகும் "குறியீடு அனுப்பு" என்று திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயன் இல்லை, குறியீடு அவனுக்குத்தான் போகும். பழைய ஃபோன் எண் இன்னும் அங்கே இருந்தால் மட்டும் எஸ்எம்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலும் ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். புதிய குறியீடு கேட்டவுடன் பழையது செல்லாமல் போகும். மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டால் கையில் வருகிற எதுவும் வேலை செய்யாது, கொஞ்ச நேரத்தில் அந்த வழியே தற்காலிகமாக அடைபட்டுவிடும்.

இரண்டாவது தவறுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசம். அக்காவின் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸாப் குழுவில் புரொஃபைல் லிங்கைப் போட்டு, "எல்லாரும் ஃபேக் அக்கவுண்ட்னு ரிப்போர்ட் பண்ணுங்க, சீக்கிரம் தூக்கிருவாங்க" என்று எழுதிவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அது போலிக் கணக்கு இல்லையே, அக்காவின் உண்மையான கணக்கு. பத்து வருடப் படங்கள், மறைந்துபோன அம்மாவின் படங்கள் உட்பட, அதில் இருக்கின்றன. போலி என்ற புகாரை ஏற்று அந்தக் கணக்கை நிறுத்திவிட்டால், ஹேக் ஆன கணக்கை மீட்பது ஒரு வேலை, முடக்கப்பட்டதை எதிர்த்து முறையிடுவது இன்னொரு வேலை என்று சுமை இரட்டிப்பாகும். முறையீட்டுக்குக் கெடுவும் உண்டு, 180 நாள். அதைத் தவறவிட்டால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். அந்த முறையீட்டைச் செய்யவும் உள்ளே நுழைய வேண்டும், கணக்கின் சாவியோ இன்னொருவன் கையில்.

அதே பெயரில், அதே படத்தோடு புதிதாக ஒருவன் தொடங்கிய கணக்கு போலி. அதைப் போலி என்று ரிப்போர்ட் செய்வதுதான் முறை. பழைய கணக்கே பறிபோயிருந்தால் அது வேறு கதை. எது என்று எப்படித் தெரியும்? புரொஃபைலில் கீழே கீழே போய்ப் பாருங்கள். பல வருடத்துப் பதிவுகளும், அவற்றில் உங்கள் சொந்தப் பின்னூட்டங்களும் இருந்தால் அது உண்மைக் கணக்கு. அங்கே நண்பராக நீங்கள் செய்ய வேண்டியது, அவன் போட்ட மோசடிப் பதிவையும் பணம் கேட்ட செய்தியையும் மட்டும் மோசடி என்று தனித்தனியாக ரிப்போர்ட் செய்வது. முழு புரொஃபைலையும் ரிப்போர்ட் செய்யும் பட்டியலில் ஹேக் என்பதற்கான தேர்வு இருந்தால் அதைத் தொடுங்கள். இந்தப் பட்டியலின் வாசகங்கள் அடிக்கடி மாறும், அதனால் படித்துவிட்டுத் தொடுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால், கிடைத்ததை அழுத்துவதைவிட வெளியே வந்துவிடுவது மேல்.

லிங்க் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேக் செய்தவன் பெயரையும் யூசர்நேமையும் மாற்றிவிட்டால் நேற்று வேலை செய்த லிங்க் இன்று எங்கும் போகாது. மாறாதது கணக்கின் எண் மட்டும்தான். அந்த எண்ணோடு லிங்க் இப்படி இருக்கும், கடைசியில் வருவது அந்தக் கணக்கின் எண்:

```
https://www.facebook.com/profile.php?id=எண்
```

எண் தெரிந்தால் முதல் வேலையாக அதைக் குறித்து வைத்துவிட்டு, பணம் கேட்ட செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவன் உங்களை பிளாக் செய்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாது. அதனாலேயே, அந்தக் கணக்குக்கு "டேய், நீ யாருன்னு தெரியும்" என்று பதில் எழுதாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார், அடுத்த நிமிடமே பிளாக். வேறு சிலருக்கு, "உன் ஃபோனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அனுப்பு, என் கணக்கைத் திறக்க அது வேணும்" என்று அக்கா பெயரிலேயே செய்தி போயிருக்கிறது. அது உங்கள் கணக்கின் குறியீடு. அனுப்பினால் அடுத்த பலி நீங்கள்.

பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம்பகமான நண்பர்கள் மூன்று பேர் குறியீடு வாங்கிக் கொடுத்தால் கணக்கு திறக்கும் என்று இன்னும் சிலர் தேடுகிறார்கள். Trusted Contacts என்ற அந்த வசதியை ஃபேஸ்புக் 2022-லேயே எடுத்துவிட்டது. இப்போது நண்பரின் ரிப்போர்ட்டால் கணக்கு திரும்பி வராது. அது செய்யக்கூடியதெல்லாம் மோசடிப் பதிவுகளை இறக்கவைப்பது. மீட்பது உரிமையாளரின் கையில்தான், அதுவும் அவருடைய கருவியிலிருந்து.

எங்கள் விஷயத்தில் வழி திறந்தது அப்படித்தான். அக்காவுக்கு ஃபோன் போட்டு, "அக்கா, எதையும் தொடாதீங்க, ஜிமெயிலை மட்டும் திறந்து பாருங்க" என்றேன். அந்த மெயிலை அவர் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. விளம்பர மெயில்களுக்கு நடுவே security@facebookmail.com என்ற முகவரியிலிருந்து, உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது என்று விடிகாலையில் வந்த ஒரு மெயில் கிடந்தது. இதைச் செய்தது நீங்கள் இல்லை என்றால் இங்கே அழுத்துங்கள் என்று அதில் ஒரு லிங்க். முகவரி மாறும்போது பழைய முகவரிக்கு இந்த மெயில் போகும், இதுதான் உரிமையாளருக்குக் கிடைக்கும் நேர்வழி. நாளாக ஆக லிங்க் காலாவதியாகலாம், அதனால் தள்ளிப்போடக் கூடாது. அதே மாதிரி பொய் மெயில்களும் வரும் என்பதால் அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின்னால் facebookmail.com என்று எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று முதலில் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

இங்கே நான் இன்னொரு தவறைச் செய்திருப்பேன். "அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பது வாய்வரை வந்தது. நான் இருப்பது சென்னையில். அந்தக் கணக்கு என் ஃபோனில் ஒரு நாளும் திறக்கப்பட்டதில்லை. அக்கா வழக்கமாகப் பார்ப்பது வீட்டு டேப்லெட்டில், வீட்டு வைஃபையில். முன்பு லாகின் செய்த கருவி, பழகிய இடம் என்பதெல்லாம் மீட்பில் எடை உள்ள விஷயங்கள். ஏற்கெனவே ஹேக் ஆன கணக்கை இன்னொரு புது ஊரிலிருந்து இன்னொருவன் திறக்கப் பார்த்தால் சந்தேகம்தான் கூடும். அதனால் அக்கா டேப்லெட்டில் தொட்டார், நான் ஃபோனில் படிப்படியாகச் சொன்னேன். இருபது நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்.

எல்லாருக்கும் இந்த மெயில் கிடைக்காது. அப்போது அடையாள ஆவணம் கேட்கும் இடம் வரும். அங்கே தொடர்பு மின்னஞ்சலாக நண்பர் தன் முகவரியைக் கொடுத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. அது அந்த நண்பரின் சொந்த ஃபேஸ்புக் கணக்கோடு இணைந்த முகவரியாக இருந்தால் சிக்கல். எந்தக் கணக்கிலும் சேராத ஒரு புதிய மெயிலை உரிமையாளர் பெயரில் தொடங்கி, அவர் ஃபோனிலேயே வைத்துக் கொடுங்கள். ஆவணத்தில் பெயரும் பிறந்த தேதியும் அல்லது பெயரும் படமும் தெரிந்தால் போதும். ஆதார் என்றால் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணப் படத்தை வாட்ஸாப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். "என்னால் மீட்டுத் தர முடியும்" என்று பின்னூட்டங்களில் வருகிற ஆட்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவர்கள் பணம் பிடுங்குகிறவர்கள்.

உள்ளே போனதும் வேலை முடியவில்லை. ஃபேஸ்புக் அமைப்புகளில் அக்காவின் Accounts Center-இல் பார்த்தபோது அவன் சேர்த்த மெயில் அப்படியே இருந்தது. அதை நீக்காமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால் ராத்திரியே அவன் மறுபடி வந்திருப்பான். மெயிலை நீக்கி, Where you're logged in பட்டியலில் தெரியாத கருவிகளை எல்லாம் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை அவன் தன் பெயரில் போட்டு வைத்திருக்கிறானா என்று பார்த்து, அக்காவின் எண்ணில் புதிதாகப் போட்டோம். ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றினோம், அது பல இடத்தில் பயன்படுத்திய அதே பழைய பாஸ்வேர்டுதான்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அதற்குள் 5,000 அனுப்பியிருந்தார். அக்காதான் புகார் கொடுக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். பணம் போனது அவர் கணக்கிலிருந்து, எனவே புகாரும் அவருடையதுதான். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லி, பரிவர்த்தனை எண்ணையும் நாங்கள் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வைத்து cybercrime.gov.in-இல் பதிவு செய்ய உட்கார்ந்து உதவினோம்.