கதைக்கு மூச்சு விடத் தெரிய வேண்டும்: வாக்கிய நீளமும் பத்தி வடிவமும்

சின்ன வாக்கியம் எழுதினால் கதை வேகமாக ஓடும், நீள வாக்கியம் எழுதினால் மெதுவாகும் என்று சொல்வார்கள். தமிழில் இது பாதிதான் உண்மை. நாம் ‘வந்து’, ‘போய்’, ‘திறந்து’ என்று எச்சங்களை அடுக்கினால் வாக்கியம் நீளும், ஆனால் வாசிப்பவர் எங்கேயும் நிற்க முடியாது. அடுத்தது என்ன என்று ஓடிக்கொண்டே இருப்பார். ‘வந்தாள்’ என்ற வினைமுற்று வந்ததும்தான் மூச்சு நிற்கும். ஆகவே வாக்கியத்தின் நீளத்தைவிட, முற்று எங்கே விழுகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரு சின்னக் காட்சியை எடுத்துச் செய்து பார்ப்போம். செல்வி என்பவள் சீட்டுப் பணத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காணோம்.

படி 1: தட்டையாக எழுதி, எண்ணுங்கள்

முதல் வரைவில் அழகு பார்க்க வேண்டாம். நடந்ததை வரிசையாக எழுதினால் போதும்.

> செல்வி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். கதவைத் தாழிட்டாள். அடுப்படிக்குப் போனாள். அரிசி டிரம்மைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள். சீட்டுப் பணத்தைத் தேடினாள். பணம் அங்கே இல்லை. அவள் அதிர்ச்சி அடைந்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 5, 2, 2, 3, 3, 3, 3, 3, 2. எல்லாம் சின்ன வாக்கியங்கள்தான், ஆனாலும் வேகம் இல்லை. கதவைத் தாழிடுவதற்கும் பணம் தொலைந்ததற்கும் ஒரே அளவு இடம் கிடைத்திருக்கிறது. இன்னொன்று, சத்தமாக வாசித்தால் உடனே காதில் விழும்: ஒன்பது வாக்கியங்களில் எட்டு ‘ஆள்’ என்று முடிகின்றன. நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் இந்தத் தாளம் தானாகவே விழுந்துவிடும். பெயர்ச்சொல்லில் முடிகிற வாக்கியமோ, ‘இல்லை’யில் முடிகிற வாக்கியமோ இடையில் வந்தால்தான் இது கலையும்.

படி 2: எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

காட்சியில் ஒரே ஒரு இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இங்கே அது பணம் இல்லாத இடம். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை மட்டுமே. அந்த வினைகளை வினைமுற்றாக நிறுத்தாமல் எச்சமாக்கி ஓட விடலாம்.

> வேலை முடிந்து வந்த செல்வி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவைத் தாழிட்டு, அடுப்படிக்குள் போய், அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். அரிசி. இன்னும் கொஞ்சம் ஆழத்தில், வலது பக்கம், போன மாதம் மஞ்சள் பையில் சுற்றி வைத்த இடத்தில் விரல்களை விரித்துத் துழாவினாள். அரிசிதான்.
>
> பை இல்லை.
>
> தரையில் உட்கார்ந்தாள். வெளியே தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்களை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி ஓடுகிற சத்தமும், வரிசையில் வரச் சொல்லி யாரோ திட்டுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. கையில் ஒட்டியிருந்த அரிசி மாவை அவள் தட்டிவிடவில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள்: 18, 1, 15, 1, 2, 2, 4, 14, 6. முதல் வாக்கியத்தில் பதினெட்டுச் சொற்கள் இருந்தும் அதுதான் இங்கே வேகமானது, ஏனென்றால் ஒரே ஒரு முற்று. இரண்டாவது நீள வாக்கியமோ மெதுவாகப் போகிறது. அதில் நடப்பது துழாவுதல் ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கே, எப்போது, எப்படி என்ற விவரம். கை தேடுகிற நேரம் முழுவதும் வாசிப்பவரும் வினைக்காகக் காத்திருக்கிறார். ஆக, வினைகளை அடுக்கிய நீளம் ஓடும். விவரங்களை அடுக்கிய நீளம் காக்க வைக்கும். பெயருக்கு முன்னால் அடைமொழிகளை ஏற்றுவதும் இந்த இரண்டாவது வகைதான். ‘மூடி நசுங்கிய, ஒரு பக்கம் துருப்பிடித்த, மாமியார் வீட்டிலிருந்து வந்த டிரம்’ என்று எழுதினால், டிரம் வருகிறவரை கதை நிற்கும். ஓட வேண்டிய இடத்தில் இதை வைத்துவிடாதீர்கள்.

‘அதிர்ச்சி அடைந்தாள்’ என்பதை எடுத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு சொல் வாக்கியம் தனிப் பத்தியில் நிற்கும்போது அந்த வேலை முடிந்துவிடுகிறது. மறுபடி சொன்னால் கூடுதலாகத் தெரியும்.

படி 3: எச்சத் தொடரைச் சோதியுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ‘செய்து’ என்ற எச்சமும் கடைசி முற்றும் பொதுவாக ஒரே ஆளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ‘செல்வி கதவைத் தட்டி, அக்கா திறந்து, உள்ளே போனாள்’ என்று எழுதினால் உள்ளே போனது யார்? ஆள் மாறினால் எச்சத்தின் வடிவத்தை மாற்றுங்கள்: ‘செல்வி தட்டியதும் அக்கா திறந்தாள்’. அல்லது ‘அக்கா கதவைத் திறக்க, செல்வி உள்ளே போனாள்’.

எத்தனை எச்சம் வரை அடுக்கலாம் என்று கேட்டால், நான் நான்கைந்தோடு நிறுத்திக்கொள்வேன். இது இலக்கண விதி இல்லை, என் வாய்க்கு எட்டிய அளவு. சத்தமாக வாசிக்கும்போது நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தாலோ, யார் செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தாலோ அங்கே ஒரு முற்று போட்டுவிடுங்கள்.

படி 4: பத்தியைக் கண்ணால் பாருங்கள்

வாக்கியம் காதுக்கு என்றால் பத்தி கண்ணுக்கு. படிப்பதற்கு முன்பே, அடர்த்தியான கட்டையும் அதற்குக் கீழே வெள்ளை நடுவில் தனித்து நிற்கிற வரியையும் கண் பார்த்துவிடுகிறது. மேலே உள்ள காட்சியில் மூன்று பத்திகள்: ஒரு கட்டை, ஒரு வரி, மறுபடி ஒரு கட்டை. கடைசிப் பத்தி ஏன் நீளம் என்றால், அடி விழுந்த பிறகு வாசிப்பவர் மூச்சை விட இடம் வேண்டும். அங்கே கதை நகரவில்லை. லாரி சத்தம்தான் கேட்கிறது.

ஒற்றை வரிப் பத்தி பிடித்துப்போனால் கை நிற்காது. ஆரம்பத்தில் நான் எழுதிய ஒரு கதையில் பக்கத்துக்கு ஏழெட்டு இருந்தன. படித்த நண்பன், ‘இது கதையா, கவிதையா?’ என்றான். எல்லா வரியும் தனியாக நின்றால் எதுவும் தனியாகத் தெரியாது. ஒரு காட்சிக்கு ஒன்று போதும்; சில காட்சிகளுக்கு அதுவும் தேவைப்படாது. அப்புறம், கணினியில் நான்கு வரியாக இருக்கிற பத்தி போனில் எட்டுப் பத்து வரியாக நீண்டுவிடும். போனிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

படி 5: ஒரே ஒரு இடத்தை மாற்றிப் பாருங்கள்

‘பை இல்லை’ என்பதை மேல் பத்தியின் கடைசியில் ஒட்டி வாசித்துப் பாருங்கள். ‘அரிசிதான். பை இல்லை.’ செல்விக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி, கொஞ்சம் சலிப்பாக ஒலிக்கும். அடுத்து அதைக் கீழ்ப் பத்தியின் முதலில் வையுங்கள். ‘பை இல்லை. தரையில் உட்கார்ந்தாள்.’ இப்போது தெரிந்துகொண்ட அந்த நொடியே இருக்காது, அதன் விளைவு மட்டும் தெரியும். கணவன்தான் எடுத்திருப்பான் என்று அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கிற கதை என்றால், நான் மேல் பத்தியில் ஒட்டிய வடிவத்தைத்தான் எடுப்பேன்.