ஒன்பது மணிக்கே படுத்தும் தூக்கம் வராத கர்ப்பிணிகள் செய்யும் தவறுகள்

என் தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்து ஒரே புகார்: "அக்கா, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல." நான் மகப்பேறு பிரிவில் நர்ஸ். வார்டில் தினமும் கேட்கிற பேச்சுதான், ஆனாலும் வீட்டில் கேட்கும்போது கொஞ்சம் உறைக்கிறது. மாத்திரை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவும் செய்தாள். அதற்கு முன் நாலு நாள் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்குப் படுத்தாய், சுமாராக எப்போது தூங்கினாய், எப்போது விழித்தாய், பகலில் எவ்வளவு நேரம். கடிகாரத்தைப் பார்த்து எழுதக் கூடாது, காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும்.

தாளில் இருந்தது இதுதான். "மாசமா இருக்கிற பொண்ணு சீக்கிரம் படுக்கணும்" என்று அம்மா சொல்ல, ஒன்பது மணிக்குப் படுக்கை. தூக்கம் வந்தது ஏறக்குறைய பன்னிரண்டு மணிக்கு. இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவள், நாலரை வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பிறகு ஏழு மணி வரை நல்ல தூக்கம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை இன்னொரு தூக்கம். கூட்டிப் பார்த்தால் இரவில் நாலரை மணி நேரம், பகலில் இரண்டு, ஆக ஆறரை. பொட்டுத் தூக்கம் இல்லை என்பது சரியில்லை. படுக்கையில் கிடந்த பத்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் விழித்திருந்தாள் என்பதுதான் சரி.

கர்ப்பிணிகள் செய்யும் தவறுகளில் முதன்மையானது இதுதான்: தூங்காத நேரத்தை ஈடுகட்ட இன்னும் அதிக நேரம் படுத்துக் கிடப்பது.

தூக்கமும் பசி மாதிரிதான். சாயங்காலம் நாலு பஜ்ஜியைத் தின்றுவிட்டு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மதியத் தூக்கம் அந்த பஜ்ஜி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தூக்கப் பசி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நாலு மணிக்கு எழுந்தவளுக்கு ஒன்பது மணிக்குள் அது போதுமான அளவு சேராது. இதில் இன்னொன்றும் நடக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் படுக்கையில் விழித்துக்கொண்டு யோசித்தால், படுக்கை யோசிப்பதற்கான இடமாகிவிடுகிறது. இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். டிவி முன்னால் நாற்காலியில் தலை தொங்குகிறது, கண் செருகுகிறது. அறைக்குப் போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடுகிறது. அப்படி என்றால் சிக்கல் இந்தப் பழக்கத்தில்தான்.

தங்கைக்குச் செய்தது இது. எழும் நேரத்தை முதலில் கட்டினோம்: ஞாயிறானாலும் காலை ஆறு மணி, இரவு எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும். படுக்கும் நேரத்தை ஒரேயடியாகத் தள்ளவில்லை. நாலு நாள் பத்து மணி, அடுத்த நாலு நாள் பத்தரை, பிறகு பதினொன்று. படுக்கையில் மொத்தம் ஏழு மணி நேரம். மதியம் படுக்கலாம், ஆனால் அலாரம் வைத்து அரை மணி, அதுவும் இரண்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். முதல் வாரம் பகலில் கண் எரிச்சலும் சிடுசிடுப்பும் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். அந்த நாட்களில் ஸ்கூட்டியை எடுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். இரண்டாவது வாரக் கடைசியில் பதினொன்றே காலுக்குள் தூங்கிவிட்டாள். நடுவில் இரண்டு முறை எழுந்தாலும் மறுபடி தூங்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவந்தோம்.

இதற்கு எல்லை உண்டு. கர்ப்பத்தில் படுக்கை நேரத்தை ஆறு மணி நேரத்துக்கும் கீழே இறக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் அளவுக்கு மீறிக் குதூகலிப்பதும் பிறகு சோர்ந்து விழுவதுமாக இருக்கும் பைபோலார் பாதிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். தூக்கம் குறைந்தால் அவர்களுக்கு நோய் கிளம்பிவிடும்.

அடுத்த தவறு, படுத்தபடியே தூக்கத்தோடு மல்லுக்கட்டுவது. இருபது நிமிடம் போல ஆகிவிட்டது, எரிச்சல் ஏறுகிறது என்று தோன்றினால் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். மணி பார்க்கக் கூடாது. "இப்பவே மூணு, இன்னும் மூணு மணி நேரம்தான்" என்ற கணக்கு ஒன்றே போதும், விடிய விடிய விழித்திருக்க. தங்கையின் போனை ஹாலில் சார்ஜ் போட வைத்தோம். ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சத்தில் குழந்தைத் துணி மடித்தாள், கொத்தமல்லி விதையைப் புடைத்தாள். கண் செருகியதும் மறுபடி படுக்கை. முதல் நாள் அவள் எழுந்து வந்ததும் அம்மா அலறிவிட்டார்: "என்னடி, வலி எடுத்துருச்சா?" ஆகவே வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தடுக்கி விழாதபடி நடைபாதையில் வெளிச்சமும் இருக்கட்டும். ஒன்பதாம் மாதத்தில் எழுவதே பாடாக இருந்தால், கட்டிலிலேயே தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து இதையே செய்யலாம்.

திரும்பிப் படுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் "எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்கணும், இல்லன்னா குழந்தைக்குக் கொடி சுத்திக்கும்" என்பார்கள். கொடி சுற்றுவதற்கும் அம்மா திரும்புவதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை தானாக அசைவதால் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்வதால் நடப்பது, அரைத்தூக்கம் முழு விழிப்பாக மாறுவதுதான். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கத் தொடங்குவது நல்லது. இடது, வலது எதுவானாலும் சரி. நடுவில் மல்லாந்திருப்பது தெரிந்தால் பதறாமல் அப்படியே புரண்டுகொள்ளுங்கள். மல்லாந்துவிடுவோமோ என்று காவல் காத்துத் தூங்காமல் இருந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த இரண்டு மணியிலிருந்து நாலரை வரை அவள் என்னதான் யோசித்தாள்? ராத்திரியில் வலி வந்தால் எப்படிப் போவது. அவர் திருப்பூரில் இருக்கிறார், வந்து சேருவாரா. ஸ்கேனில் எல்லாம் சரியாகப் பார்த்தார்களா. திரும்ப வேலைக்குப் போக முடியுமா. கடைசியில், தூங்காததால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ.

இந்த எண்ணங்களை ராத்திரியில் விரட்டப் பார்ப்பதுதான் இங்கே தவறு. "யோசிக்காதே" என்று சொன்னால் அதுவே திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்குப் பகலில் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். தங்கைக்குச் சாயங்காலம் ஆறு மணி, இருபது நிமிடம், ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் கவலை, வலது பக்கம் அடுத்து செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம்.

வலி வந்தால் எப்படிப் போவது என்பதற்கு எதிரே எழுதியது: "எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் நம்பர் சுவரில் ஒட்டணும், 108 இருக்கு, பையை 36 வாரத்துக்குள் கட்டி வைக்கணும்." மறுநாள் ஆட்டோ அண்ணனிடம் பேசியதும் அந்த வரியை அடித்துவிட்டாள். ஸ்கேன் சந்தேகத்துக்கு எதிரே, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எழுதினாள். வேலை விஷயத்துக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. ஆகவே "பிரசவத்துக்கு மூணு மாசம் கழிச்சுப் பார்க்கணும்" என்று மட்டும். ராத்திரி அதே எண்ணம் வந்தால், "அது நோட்டில் இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குப் பார்க்கலாம்." இந்த வேலையைப் படுக்கப் போகும்போது செய்தால் பலிக்காது. கவலையைக் கிளறிவிட்டுப் படுத்ததாகிவிடும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

கடைசிக் கவலைக்கு நானே பதில் எழுதினேன்: சில இரவுகள் தூக்கம் குறைந்ததால் குழந்தைக்குக் கேடு வராது. இரவில் உதை கூடுதலாகத் தெரிவதும் இயல்புதான், அவள் அசையாமல் படுத்துக் கவனிப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் அது நோட்டில் எழுதும் விஷயமல்ல, நேரம் பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காபியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் கரையும் காஃபின், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதியாக ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். நாலு மணிக்குக் குடித்த டிகிரி காபி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கிறது என்று பொருள். ஒரு டம்ளர் காலையில், அதோடு சரி. டீக்கும் இதே கதைதான். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பகலுக்கு நகர்த்துங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால், பாதத்தில் தேங்கிய நீர் படுப்பதற்கு முன்பே வெளியேறும். எழ வேண்டிய முறையும் குறையும்.

இப்போது மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் "தூக்கத்துக்கு ஏதாவது" என்று கேட்டால் அவில் போன்ற அலர்ஜி மாத்திரையை நீட்டுவார்கள். மருத்துவர் தேவை பார்த்துத் தருவது வேறு, தூக்கத்துக்காக நாமே வாங்கிப் போடுவது வேறு. கை வைத்தியம் என்பதால் கசகசா பால் ஆபத்தில்லாதது ஆகிவிடாது. கசகசாவில் ஓபியம் சார்ந்த பொருட்கள் சிறிதளவு ஒட்டியிருக்கலாம். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, அமுக்கராக் கிழங்கைக் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். மனநலத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மட்டும், கர்ப்பம் என்று பயந்து தாங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாத் தூக்கமின்மையையும் மனசின் மேல் போட்டுவிடுவதும் தவறு. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும் காலை ஆட்டினால்தான் அடங்குவது போலவும் இருந்தால், உடம்பில் இரும்புச் சத்து குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் சோதனை பற்றிக் கேளுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு எதுவும் இல்லாமல் இரவில் அரித்தால், அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம், மறுநாளே பார்க்க வேண்டும். புதிதாகப் பலத்த குறட்டை, அதோடு ரத்த அழுத்தமும் ஏறுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

குழந்தை, வீடு, சாப்பாடு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டது, தூங்க வாய்ப்பிருந்தும் விடியற்காலையில் விழித்து அழுகை வருகிறது என்றால், நோட்டும் நேரக் கட்டுப்பாடும் மட்டும் போதாது. செக்கப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவிலும் எடுக்கும், தமிழில் பேசலாம்.

தங்கைக்கு இப்போது 37-ஆவது வாரம். இரவில் இரண்டு முறை எழுகிறாள், பத்து நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடுகிறாள். நோட்டில் அடிக்காமல் இன்னும் இரண்டு வரிகள் மிச்சம். அதில் ஒன்று பெயர் வைப்பது, மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடக்கும் அந்தச் சண்டை சாயங்காலம் ஆறு மணிக்குத் தீர்கிறதாகத் தெரியவில்லை.